ஐஸ் மிஷினும் என் டிட்டோவும்

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கணும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. முன்னாடி நடந்தது பின்னாடியும், பின்னாடி நடந்தது முன்னாடியும் வரலாம். சில விஷயம் மறந்தே போச்சு. ஆனால் அந்த ஐஸ் மிஷின் மறக்கவில்லை. அதில் தப்பு செய்தது நான்தானே, எப்படி மறக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஜப்பான் பாஷை தெரியும். ஜப்பான்காரன் இந்தச் சிங்கப்பூரைப் பிடித்திருந்தபோது அவனுடைய பட்டறையில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார். கன்னத்தில் வாங்கிய அறைகளோடு சேர்த்துத்தான் கற்றேன் என்பார். சண்டை முடிந்த பிறகு அந்தப் பாஷையை வெளியே பேசினால் ஜனங்கள் முறைப்பார்கள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வாக்கில் ஜப்பான் சாமான் திரும்ப வர ஆரம்பித்ததும் அவரைத் தேடி ஆள் வந்தது. சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடைக்கு மேலே எங்கள் ஒற்றை அறை. அதில் அவர் இங்கிலீஷில் மொழிபெயர்ப்பார், நான் டைப் அடிப்பேன், மூலையில் சோறு வேகும்.

நான் டைப் கற்றுக்கொண்டது கீழே இருந்த மளிகைக்கடையில். மிளகாய் மூட்டை, மல்லி மூட்டை, மஞ்சள் மூட்டை என்று பட்டியல் அடிப்பேன். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் கீழே இரண்டு சின்னக் கோடு போட்டால் போதும், டிட்டோ. முதலாளிக்கு ரிப்பன் மிச்சம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

ஒருநாள் பாய் வந்தார். நாகூர் பக்கத்துக்காரர், பாத்திரக் கடை வைத்திருந்தார். ஜப்பானில் ஒருத்தர் ஐஸ் சுரண்டும் மிஷின் கண்டுபிடித்திருக்கிறார். ஐஸ் கட்டியை மேலேயிருந்து ஒரு முள்தட்டு பிடித்துச் சுற்றும், கீழே கத்தி இருக்கும், பனி மாதிரி உதிரும். ஐஸ் கரைந்து சின்னதானாலும் அழுத்தம் குறையாமல் இருக்க, தட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் நெகிழ்கிற பொருள் ஒன்று. சுரண்டிய ஐஸில் சர்பத் ஊற்றி ஐஸ் கச்சாங் என்று விற்கிற ஊருக்கு இதைவிட என்ன வேணும்? பாய் அந்த ஜப்பான்காரரிடம் எழுதி வாங்கிவிட்டார்: அங்கே போட்ட பேட்டண்டை, அதாவது வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்கிற உரிமையை, லண்டனில் இவர் பெயரில் போடலாம். அங்கே கிடைத்தால் சிங்கப்பூரிலும் பதிந்துகொள்ளலாம், அப்போது அப்படித்தான். ஆனால் ஜப்பானில் மனு கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் லண்டன் போய்ச் சேரணும். அந்த வருஷத்தில் பாக்கி இருந்தது இரண்டு வாரம்.

பாய்க்குத் தூக்கம் இல்லாததற்குக் காரணம் வேறு. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர், பாய் கடையில் வைத்திருந்த மாதிரி மிஷினைப் பார்க்க வந்து, மூன்று கிண்ணம் ஐஸ் தின்று, விரலால் சாண் சாணாக அளந்துவிட்டுப் போயிருந்தார்.

"அவன் தின்னது ஐஸ் இல்ல தங்கச்சி, என் தொழிலு" என்றார் பாய்.

பேட்டண்டில் கடைசியாக வருவதுதான் க்ளெய்ம். 'இது வரைக்கும் என் நிலம்' என்று வேலி கட்டுகிற வரி. மற்றதெல்லாம் கதை, வேலிதான் காரியம். அந்த ஜப்பான் தாளில் ஒரு பெரிய க்ளெய்ம், அதற்குக் கீழே ஒட்டுப்போட்ட மாதிரி நாலு சின்னது. லண்டனில் பாய்க்காக மனு கொடுக்கிற ஏஜெண்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு அனுப்புங்க, அதற்கு மேல் ஒரு எழுத்தையும் அழகுபடுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

பெரிய க்ளெய்ம் முழுக்க ஒரே வாக்கியம். மூச்சு விட இடமில்லை. பாவமே என்று நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். வீட்டுக்காரர் எகிறிக் குதித்தார்.

"ஏய், வேலியில யாரு உன்னை ஓட்டை போடச் சொன்னது?"

"படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டுமேன்னு…"

"முட்டட்டும். முட்டினாத்தான் வேலி."

தட்டு என்று ஒருதரம் சொன்னால் கடைசி வரை தட்டுதான். அடுத்த வரியில் அதையே வட்டு என்றால் வேறு சாமான் என்று ஆகிவிடுமாம். வீட்டில் என்னை ஒருநாளும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை இந்த மனுஷன்.

பாய் படத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். "ஏன் 'நெகிழ் பொருள்'னு எழுதுறீங்க? படத்துல ஸ்பிரிங் இருக்குல்ல? ஸ்பிரிங்னு எழுதுங்க லா. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்."

"ஸ்பிரிங்னு எழுதினா பட்டறைக்காரன் ரப்பர் வெப்பான். மலாயாவுல ரப்பருக்குப் பஞ்சமா?"

பாய் படத்தைக் கீழே வைத்தார். அவரே ரப்பர் வைக்கிற யோசனையில்தான் இருந்தார். ஐஸ் தண்ணியில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும் என்று.

இனி அந்த ஐந்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, முழு மிஷின், நெகிழ் பொருளோடு. இரண்டு, ஒன்றில் சொன்ன மிஷின், அதில் நெகிழ் பொருள் சுருள் ஸ்பிரிங். மூன்று, இரண்டில் சொன்ன மிஷின், அந்த ஸ்பிரிங்கை முடுக்க ஒரு மரை. நாலு, ஒன்றில் சொன்ன மிஷின், நெகிழ் பொருள் ரப்பர். ஐந்து, ஒன்றில் சொன்ன மிஷின், கத்தியைச் சாய்த்து வைக்கலாம். பாய்க்கு உயிர் இந்த ஐந்தாவதில்தான். கத்தியைச் சாய்த்தால்தான் நம்ம ஊர் ஐஸ் நைசாக வரும்.

எது எதில் தொங்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். ஜப்பான் தாளில் ஒட்டுகளுக்குத் தனியாக ஒன்று, இரண்டு என்று எண். லண்டனுக்குப் போடுகிற எண் வேறு. குழம்பாமல் இருக்க எங்க வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். அறைக்குக் குறுக்கே துணி உலர்த்தும் கயிறு. க்ளெய்முக்கு ஒரு சீட்டு என்று எழுதி, கயிற்றில் துணிக் கிளிப்பால் முதல் சீட்டு. எந்தச் சீட்டு எதன் பேரைச் சொல்கிறதோ, அதன் காலில் இந்தச் சீட்டைக் கிளிப் போடுவார். ஒன்றின் காலில் இரண்டும் நாலும் ஐந்தும். இரண்டின் காலில் மூன்று. ஒரு வாரம் என் சேலை காய இடமில்லை. கிளிப் எல்லாம் என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் பிரதியைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. அப்புறம் நான் சுத்தப் பிரதி அடித்தேன். 'இரண்டில் சொன்னபடி' என்று மூன்றாவதில் நீளமாக ஒரு வரி. நாலாவதும் அதே மாதிரி ஆரம்பிக்கிறது. ஐந்தாவதும். கை பழக்கம், மளிகைக்கடைக் கை. டிட்டோ, டிட்டோ. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா, மல்லி மூட்டை மாதிரி.

பாய் வந்து நின்ற அவசரத்தில் வீட்டுக்காரர், தட்டு எல்லாம் தட்டாகவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். வக்கீல் ஆபீஸுக்குப் போய், இது உண்மையான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை விமானத் தபால்.

சத்தியம் முடிந்தது, இனி என் சேலைக்கு விடுதலை என்று வியாழன் மத்தியானம் கிளிப்பைக் கழற்றப் போனேன். ஐந்தாவது சீட்டு ஒன்றின் காலில் தொங்குகிறது. கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். டிட்டோவுக்கு மேலே டிட்டோ, அதற்கு மேலே இரண்டு. அப்படியானால் ஐந்தாவது இரண்டின் காலில். அதாவது சாய்கிற கத்தி, சுருள் ஸ்பிரிங் இருந்தால் மட்டும்தான் பாய்க்குச் சொந்தம். முதல் வேலி என்றைக்காவது விழுந்தால், பட்டறைக்காரர் ரப்பரோடு கத்தியையும் சாய்த்து வைத்துக்கொண்டு பாய் கடைக்கு எதிரிலேயே ஐஸ் விற்கலாம். நாலாவது இன்னும் அழகு: ரப்பரால் ஆன ஸ்பிரிங்!

வீட்டுக்காரர் ஜூரோங் பக்கம் வேலையாகப் போயிருந்தார். நான் நாலு பேர் முன்னாடி வாய் திறக்காதவள். கடைக்காரர் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தாலும் பேசாமல் வருகிற ஜாதி. சீட்டையும் கிளிப்பையும் பையில் போட்டுக்கொண்டு, வக்கீல் ஆபீஸ் இருக்கிற ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பஸ் ஏறினேன்.

வக்கீல் ஆபீஸில் பெரிய கிளார்க் ஒரு சீனர், தங்க ஃபிரேம் கண்ணாடி. உறைக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். என் பள்ளிக்கூட இங்கிலீஷில் "தப்பு சார்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"என்ன தப்பு? உங்க புருஷன் காலையிலதான் சத்தியம் பண்ணினார்."

"டிட்டோ…"

"டிட்டோ நல்லதுதானே லா. இடம் மிச்சம்."

எனக்கு அழுகை வந்தது. பேச வராததால் கிளிப்பை எடுத்தேன். அவருடைய தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டில் முதல் சீட்டை மாட்டி, அதன் காலில் இரண்டு, நாலு, ஐந்து, இரண்டின் காலில் மூன்று. பிறகு கார்பன் பிரதியில் டிட்டோவைக் காட்டி, நாலையும் ஐந்தையும் கழற்றி இரண்டின் காலில் மாட்டிக் காட்டினேன். அந்த ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிரசங்கம் அதுதான், ஒரு வார்த்தை இல்லாமல்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக, "ஐயோ" என்றார், நம்ம தமிழ் ஐயோ. அரக்கு காயாத உறையைக் கிழித்தார்.

அவருடைய மிஷினிலேயே திரும்ப அடித்தேன். 'ஒன்றில் சொன்னபடி' என்பதை ஒவ்வொரு தடவையும் முழுசாக. வீட்டுக்காரரைத் தேடி ஆள் போனது. சாயந்தரம் வந்து இரண்டாவது சத்தியம் செய்தார். ஒரே நாளில் இரண்டு சத்தியம் செய்த மனுஷன் இந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வழியெல்லாம் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் கார்பன் பிரதியை வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான், "நானும் பார்க்காமத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் ஒத்துக்கொண்ட முதல் தப்பு. கடைசியும்.

ரொம்ப மாசம் கழித்து லண்டனிலிருந்து கடிதம். முதல் க்ளெய்ம் ஏதோ பழைய மிஷினோடு இடிக்கிறதாம், நிற்காதாம். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். வீட்டுக்காரர் முழுசும் படித்தார். அந்தப் பழைய மிஷினில் கத்தி சாயாது, அதனால் ஒன்றில் சொன்ன மிஷினோடு சாய்கிற கத்தி, அந்த ஐந்தாவது நிற்கிறது. ஸ்பிரிங்கா ரப்பரா என்று கேள்வி இல்லை.

"பட்டறைக்காரன்?" என்றார் பாய்.

"எத வெச்சாலும் கத்தியைச் சாய்க்க முடியாது."

பாய் மறுநாள் மிஷினோடு வந்து எங்க வாசலிலேயே ஐஸ் சுரண்டினார். சிவப்புச் சர்பத் ஊற்றி எனக்கு முதல் கிண்ணம். பட்டறைக்காரரும் வந்து பணம் கொடுத்துத் தின்றார், இந்தத் தடவை விரலை மடக்கிக்கொண்டு.

இதில் அந்த ஒரு வருஷக் கெடு சரியா, ஜப்பான் தாளில் ஒட்டுக்கு எண் போட்ட விதம் அப்படித்தானா, மூன்றாவதில் இருந்தது மரையா திருகாணியா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்த வேலை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்க. திருத்தும்போது தயவுசெய்து முழுசாக எழுதுங்க. டிட்டோ போட வேண்டாம்.