ஒன்பதாம் அத்தியாயத்தில் அம்மா பேசவில்லை

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. எனக்கு நடந்தது. 2019 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

அம்மா ஏப்ரலில் இறந்தாள். கொரியாவில், குன்சான் ஊரில் இருந்த அவள் வீடு அண்ணன் தேசிக்குக்குப் போனது. முன்னோருக்குப் படையல் வைக்கிறவன் மகன்தானே. நான் கணவனை விட்டு வந்தவள் வேறு. "தெருவுல யாருக்கும் தெரியவேணாம்" என்றாள் அம்மா. அதன் பிறகு ஏன் வந்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிம்ச்சி ஊறுகாய் மட்டும் வரும். ஒருமுறை கோபத்தில் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது.

அந்த மௌனத்தைத்தான் நாவலாக எழுதியிருந்தேன். முதலில் அதில் அம்மா கடைசிவரை வாயே திறக்கவில்லை. பதிப்பாசிரியர் நாரே ஒப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, அம்மா ஒரு தடவையாச்சும் மன்னிப்புக் கேக்கணும். படிக்கிறவங்க அழணும்ல?"

ஒன்பதாம் அத்தியாயத்தில் அம்மாவை மூன்று பக்கம் பேசவைத்தேன். அழுதேன்கூட. உண்மையில் கிடைக்காததைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டேன்.

அச்சுப்படியைத் திருத்த அந்தக் காலி வீட்டுக்கே போனேன். அடுத்த வாரம் அண்ணன் அதை விற்பதாக இருந்தான். வெளியே அடைமழை. கைபேசியை அமைதியில் போட்டுவிட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். உரையாடல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம்.

மணி 2:40. அம்மாவின் பேச்சைத் தொடங்கினேன்.

"மகளே, நான் உன்னைப் புரிந்துகொள்ளவில்லை. என்னை மன்னித்துவிடு..."

'ச்'.

சமையலறையிலிருந்து. நாக்கைத் தட்டும் சத்தம். பிடிக்காததைக் கேட்டால் அம்மா அப்படித்தான் செய்வாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. அலமாரிகள் காலி. மழைதான், குழாய்தான் என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

நான் படித்த அந்த வரியின் குறுக்கே ஒரு பென்சில் கோடு இருந்தது.

என்னிடம் இருந்தது சிவப்புப் பேனா மட்டும்...

2:52. அடுத்த வரியைப் படித்தேன். 'ச்'. இந்தமுறை இன்னும் கிட்டத்தில். நிமிர்ந்தேன். யாரும் இல்லை. குனிந்தேன். மூன்று பக்கமும் அடிக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தப்பியிருந்தது.

"சாப்பிட்டியா?"

ஓடியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது.

"உயிரோட இருந்தப்பவும் பேசல. நான் எழுதினா அதையும் அடிக்கிறியா? ஏம்மா, ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

வெளியே மழை வலுத்தது.

3:04. காற்று இல்லை. ஆனாலும் தாள்கள் புரண்டன. முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றன. 'அம்மா என்னிடம் எதையுமே கேட்டதில்லை' என்று நான் எழுதியிருந்த இடம். ஓரத்தில் பென்சிலில், அம்மாவின் கோணல் கையெழுத்து.

'நீ சொன்னியா?'

இல்லை.

கணவன் அடித்ததைச் சொல்லவில்லை. குழந்தை கலைந்ததைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த ஆறு நாளில் அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். வேலை அதிகம் என்று வைத்துவிட்டேன். நாவல் முழுக்க அவள் மௌனம் இருந்தது. என் மௌனத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அம்மாவும் தன் அம்மாவிடம் எதையும் சொன்னதில்லை. பிறந்த வீட்டில் வந்து அழுகிற பெண் மானத்தை வாங்குகிறாள் என்று வளர்க்கப்பட்டவள். வீடுதான் அண்ணனுக்கு வந்தது. இந்த மௌனம் எனக்கு வந்திருந்தது.

3:15. சமையலறையில் பாத்திரச் சத்தம்.

வாசம் வந்தது... சுடுசோறு.

போனேன்.

குட்டை மேசை விரித்திருந்தது. மூடிபோட்ட ஒரு கிண்ணம். கிம்ச்சி. ஒரே ஒரு கரண்டி.

கேஸ் இணைப்பைத் துண்டித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மூடியைத் தொட்டேன்.

சுட்டது.

உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன்.

ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒன்றொன்றாகச் சொன்னேன். அவன். குழந்தை. ஆஸ்பத்திரி. எதிரே யாரும் இல்லை. 3:40-க்குக் கிண்ணம் காலி. சொல்ல இருந்ததும் தீர்ந்தது. அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

மறுநாள் சியோலில் அச்சுப்படியை நாரேயிடம் கொடுத்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் அம்மாவுக்கு ஒரு வார்த்தைதான். மகள் பேசுகிறாள். நாரே புரட்டிப் பார்த்தாள்.

"இதுதான்க்கா சரி. நேத்து இதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். கைபேசிய எடுக்கல நீங்க. பழைய படிவத்துல குன்சான் வீட்டு நம்பர் இருந்துச்சு, அதுல போட்டேன்."

"எப்போ?"

"மூணு இருபத்தஞ்சு. எடுத்ததும் நீங்கதான்னு நெனச்சுப் பேச ஆரம்பிச்சுட்டேன். அப்படியே உங்க குரல்க்கா. அப்புறம் அவங்க சொன்னாங்க... 'எம் பொண்ணு சாப்பிட்டுக்கிட்டிருக்கா, அப்புறம் கூப்பிடு'ன்னு."

அண்ணனை அழைத்துக் கேட்டேன்.

"வீட்டு போனா? அம்மா இறந்த வாரமே லைனை வெட்டியாச்சே. போன்கூட அங்க இல்ல, கூம்ஹி. எங்கிட்டதான் இருக்கு."