மூடப்படாத குழாய்

டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில், எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட பெண்மணி நடத்திய சாப்பாட்டுக் கடைக்குத் தண்ணீரை நிறுத்தப்போவதாக எச்சரிக்கும் நோட்டீஸை நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்று பிரதிகள். கடைசிப் பிரதியில் கார்பன் சரியாக விழாததால் திரும்பவும் அடித்தேன். மத்தியானம் அதே கடைக்குப் போய்ச் சாப்பிட்டேன். தனி ஆள், போர்ட் பிளேரில் வேறு போக்கிடம் இல்லை.

அறுபதுகளின் கடைசி. நீர் வழங்கல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். கோடையில் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு என்று எங்கள் பிரிவுக்கே தெரியாது. அதைத் தெரிவிக்கத் தனிப் படிவம் மட்டும் இருந்தது. ஆகவே ஊரே ராத்திரி குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கும். வந்தால் நிரம்பட்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நிரம்பிய பிறகு என்ன ஆகும் என்று யாரும் நினைப்பதில்லை.

அக்காவின் வீடு கொஞ்ச தூரம் தள்ளி, பத்துபஸ்தியில். ஆறரை மணிக்குத்தான் கடைக்கு வருவார். அதற்குள் கொல்லையிலிருந்த டிரம் நிரம்பி வழிந்து, தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் எங்கள் ஓவர்சியர் சைக்கிளில் அந்த வழியே போனார். அதன் விளைவுதான் நோட்டீஸ்: இனி ஒரு முறை அந்தச் சாக்கடையில் தண்ணீர் ஓடக் கண்டால், மழை வரும்வரை இணைப்பு கிடையாது.

"மழை வர ரெண்டு மாசம் இருக்கே தம்பி. ரெண்டு மாசம் கடைய மூடினா அப்புறம் யாரு திரும்ப வருவா?" என்றார் அக்கா. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் பெரிய வித்தியாசம் இல்லை.

மரம் அறுக்கும் மில்லில் கூலி வேலை பார்த்த அவர் வீட்டுக்காரரின் சம்பளத்தில் குடும்பம் பாதி மாதம்தான் ஓடும். மீதி இந்தக் கடை.

எனக்கு விதிகள் எல்லாம் தெரியும் என்பது என் பெருமை. அன்று மாலையே ஏழு அம்சங்கள் கொண்ட குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். அக்கா அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நின்றது. பிறகு, "வாயால சொல்லுங்க தம்பி," என்றார்.

முதலில் பாத்திரம். தட்டு கழுவ ஒரு தெலுங்கு அம்மாள் இருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தட்டாக ஓடுகிற தண்ணீரில் காட்டுவார். மூன்று தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னேன். எச்சிலை முதலில் வழித்து வாளியில் போட வேண்டும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த பிறகு முதல் தொட்டி, அப்புறம் இரண்டாவது, கடைசியில் சுத்தமான கொதிநீர். முதல் தொட்டி கலங்கியதும் அதைக் கொல்லை வாழைக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவதை முதலாவதாகவும் மூன்றாவதை இரண்டாவதாகவும் நகர்த்தி, மூன்றாவதற்கு மட்டும் புதுத் தண்ணீர்.

"அரே பாபு," என்றார் அந்த அம்மாள், "உன் ஆபீஸ்ல ஃபைல் இப்படித்தான் மேஜை மேஜையா போகுதா?"

"ஆமாம்."

"அப்ப தட்டு என்னிக்கு வெளிய வரும்?"

அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டார். ஆனால் மூன்றாம் நாள் அந்த அம்மாளே தொட்டிகளின் வரிசை மாறக் கூடாதென்று தரையில் கரியால் கோடு போட்டிருந்தார்.

சமையலில் அக்காவுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் முதல் தொட்டிக்குப் போயிற்று. காய்கறியைக் குழாயடியில் காட்டாமல் அகன்ற பாத்திரத்தில் அலசினார்கள். இட்லிப் பானையின் அடியில் மிஞ்சும் வெந்நீர் மூன்றாம் தொட்டிக்கு. வடித்த கஞ்சியை உப்புப் போட்டு மர மில் ஆட்களுக்குக் கொடுத்தார். அவர்கள் குடிதண்ணீர் கேட்பதும் குறைந்தது. இதெல்லாம் என் ஏழு அம்சங்களில் இல்லை.

டிரம்மின் அடியில் இருந்த பித்தளைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் வாளி வைத்துப் பார்த்தேன். ஒரு பகல், ஓர் இரவில் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நிறுத்துவதற்காகக் கைப்பிடியில் குச்சியைச் செருகி முறுக்குவார்கள். முறுக்க முறுக்க உள்ளேயிருக்கும் தோல் வாஷர் நசுங்கி இன்னும் ஒழுகும். எங்கள் பிரிவின் ஸ்டோரில் வாஷர் இல்லை. மெயின்லாந்திலிருந்து கப்பல் வர வேண்டும் என்றார்கள். டிரம் காலியான ஒரு சாயங்காலம் ஸ்பானரை வாங்கிக் குழாயைக் கழற்றி, என் பழைய செருப்பின் தோலை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தேன். சொட்டு நின்றது. விதிப்படி இது அனுமதியற்ற பழுதுபார்ப்பு. நான் புகார் எழுதவில்லை.

மிஞ்சியது திறந்து வைத்த குழாய். மூடினால் தண்ணீர் கிடைக்காது. திறந்தால் சாக்கடையில் ஓடும். டிரம் நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்று வைத்தால் போதும். பஜாரில் அது கிடைக்கவில்லை. ஸ்டோருக்கு விண்ணப்பம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே குறையில்லாத விண்ணப்பம் அது. வராது என்று நிச்சயமாகத் தெரியும்.

அதுவரை யாராவது போய் மூட வேண்டும். என் அறை கடைக்கு இரண்டு வீடு தள்ளி. "நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலரை மணிக்கு எழுந்து கொல்லையில் சாக்கு விரித்த ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பேன். முதலில் குழாயில் காற்று சீறும். பிறகு ஓர் இருமல். அப்புறம் தண்ணீர். டிரம் நிரம்பும்வரை சத்தம் மெல்ல மெல்ல உயர்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மூடியதும் என் வேலை முடிந்துவிடும். ஆனால் அறைக்குத் திரும்ப மாட்டேன். ஆறரைக்கு அக்கா வருவார், தெலுங்கு அம்மாள் வருவார். முதல் டீ எங்கள் மூன்று பேருக்குத்தான்.

"தம்பி ஊர்ல யாரும் கடுதாசி போடறதில்லையா?"

"போடறாங்க."

"நான் ஒண்ணும் பாத்ததில்லையே."

"கப்பல் லேட்டு."

"கப்பலு மாசத்துக்கு ரெண்டு தரம் வருதுடி," என்று தெலுங்கு அம்மாளிடம் சொல்வார், நான் அங்கே இல்லாதது போல.

ஓவர்சியர் இரண்டு முறை வந்து பார்த்தார். சாக்கடை காய்ந்து வெடித்திருந்தது. ஏதோ ஏமாற்று நடக்கிறது என்ற முகத்தோடு திரும்பிப் போனார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு கப்பல் வந்தது. ஸ்டோர்கீப்பர் என்னைக் கூப்பிட்டு, வைக்கோல் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். செப்புப் பந்து, கம்பி, வால்வு. நான் கேட்டபடியே, கேட்ட அளவிலேயே. "உங்க விண்ணப்பத்துல ஒரு தப்புகூட இல்ல, அதனால யாராலும் திருப்பி அனுப்ப முடியல," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

இரண்டு நாள் அதை என் அறையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஓவர்சியர், மூன்றாவது தடவை பார்க்க வரப்போவதாகச் சொன்னார். நான் காய்ச்சலில் ஒரு காலை எழாமல் போனாலும் கடை போய்விடும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் நானே பொருத்தினேன்.

அடுத்த தண்ணீர் நாளில் மூவரும் நின்று பார்த்தோம். தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து, ஓசையில்லாமல் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. தெலுங்கு அம்மாள் கைதட்டினார். அக்காவின் கண் கலங்கியது. "இனிமே கவலையில்ல. தம்பி, இனி நீங்க நல்லாத் தூங்கலாம்," என்றார்.

கடை மூடப்படவில்லை. மழை வந்தது, வியாபாரம் பெருகியது, காலை டீக்கு ஆள் கூடியது. நான் எட்டு மணிக்கு எல்லோரோடும் போய்ச் சாப்பிட்டேன். நாலரைக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. விளக்கை ஏற்றாமல் படுத்திருப்பேன். இரண்டு வீடு தள்ளி ஒரு டிரம் நிரம்பிக்கொண்டிருக்கும், சரியாகத்தான் நிரம்பும். போய்ப் பார்க்க எந்த விதியிலும் காரணம் இல்லை.