ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியல்

என் கொழுந்தன் எக்செல்லில் செய்து வைத்திருந்த அந்தப் பட்டியலை நான் இன்றும் வெறுக்கிறேன். அவனையும்தான்.

நாங்கள் இருவரும் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போய் ஒரே வகுப்பில் உட்காருவோம். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நான் அந்த வீட்டு மருமகள், அடுப்பை அணைத்த கையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறவள்.

அவன் செய்த ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்தத் தலைப்பு, சரியான விடை எது, நாங்கள் குறித்த விடை எது. ஃபார்முலா தலைப்புவாரியாக எண்ணி, சதவீதம் போட்டு, குறைந்த சதவீதத்தை மேலே கொண்டுவந்து நிறுத்தும். மேலே இருப்பதை முதலில் படிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பிரிண்ட் எடுத்து, அவன் பட்டியலையும் என் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான் பாருங்கள், அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது.

என் பட்டியலில் வாராவாரம் கணக்குதான் முதல் வரி. அவன் பட்டியலில் கணக்கு கடைசி வரி. பால் எடுக்க வரும்போதெல்லாம் அத்தை அதைச் சத்தமாக வாசிப்பார். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் மாமா ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே முடிவு சொன்னார்.

"அடுத்த வாரமும் கணக்கு மேல நின்னுச்சுன்னா கிளாஸ் வேணாம்மா. கடையில பில்லு போட ஆள் இல்ல."

"எந்தப் பட்டியல்லயும் ஏதாவது ஒண்ணு மேல நிக்கத்தான செய்யும், மாமா," என்றேன்.

"அதென்ன, அவனுக்குக் கணக்கு கீழதான இருக்கு?"

என் கணவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் செய்யும் வீரச்செயல் எல்லாம் தட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மாலை, வழக்கம்போல் நான்தான் இரண்டு பேர் விடைகளையும் லேப்டாப்பில் ஏற்றினேன். தட்டச்சு மட்டும் மருமகள் வேலை. அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வாசித்தான். அவன் தாளில் கணக்குப் பகுதி வந்தது, இருபத்தைந்து கேள்விகள். "ஈ, ஈ, ஈ, பி, ஈ," என்று போனான்.

விடைத்தாளில் ஈ என்றால் 'விடை தெரியவில்லை' என்று அர்த்தம். எங்கள் தேர்வில் தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் நான் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விடை குறித்துவிடுவேன். என் கொழுந்தன், பெரிய துரை, தப்பாகக் குறிக்க மாட்டார். ஐந்து கேள்விக்கு மட்டும் விடை எழுதியிருந்தார், நான்கு சரி. எனக்குப் பதினைந்து சரி. ஆனால் திரையில் அவனுக்கு எண்பது சதவீதம், எனக்கு அறுபது.

அன்றுதான் முதல்முறையாக அந்தக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். சரியான விடைகளை மொத்தக் கேள்விகளால் வகுக்கவில்லை. மொத்தத்திலிருந்து ஈ போட்டதைக் கழித்துவிட்டு, மிச்சத்தால் வகுத்திருந்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, இந்தக் கழித்தல எடுத்துருங்க. ஈ போட்ட கேள்விக்கும் மார்க் போச்சுல்ல?"

"ஃபார்முலால கை வைக்காதீக மதினி. உங்களுக்கு அது புரியாது."

புரியாதவளாகிய நான் எல்லாரையும் கூப்பிட்டேன். அத்தை, மாமா, என் கணவர், மூவரும் பார்க்க அந்தக் கழித்தலை அழித்து எண்டரைத் தட்டினேன். என் பட்டியலில் ஒரு வரி நகரவில்லை, கணக்கு அப்படியே மேலே அறுபதோடு நின்றது. அவன் பட்டியலில் கடைசியில் கிடந்த கணக்கு எழும்பி முதல் வரிக்கு வந்தது. பதினாறு சதவீதம்.

"இப்பச் சொல்லுங்க மாமா, யாரு கிளாஸுக்குப் போக வேணாம்?"

"மிஷின்ல என்னத்தையோ அமுக்கிட்டா," என்றார் அத்தை.

"மிஷின் சரியாத்தான் இருக்கும்மா," என்றார் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கம் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்ற கோபம்தான் வந்தது.

மாமா எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த இரண்டு தாளையும் கிழித்தார். அதன்பிறகு அங்கே எதுவும் ஒட்டப்படவில்லை. என் வகுப்பைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் கணக்குப் புத்தகத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"மதினி, இந்தச் சதவீதக் கணக்கு ஒண்ணு சொல்லித் தாங்களேன்."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியலன்னா ஈ போடுங்க தம்பி," என்றேன்.