முகம் மாறிய வாச்சு

கோட்டாறு கம்போளக் கடைத்தெருவில் மைதீன் கனியின் வாச்சுப் பழுதுக் கடை, ஒரு ஆள் உட்கார்ந்தால் அடுத்தவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது. அவருடைய வலது கண்ணைச் சுற்றி உருப்பெருக்கிக் கண்ணாடி பதிந்த வளையம் எப்போதும் சிவந்திருக்கும். வாச்சை யார் நீட்டினாலும் அவர் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் வைப்பார். முதுகு மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்பார். நேரம் காட்டும் பக்கத்தைக் கடைசியில்தான் திருப்புவார்.

"வாச்சானாலும் சரி, கட்டுன பொஞ்சாதியானாலும் சரி, இவுகளுக்கு முகத்தப் பாக்கத் தெரியாது" என்று வீட்டில் மனைவி ஏசுவாள்.

"மொகம் மினுக்கும், முதுகு பொய் சொல்லாது" என்பார் அவர்.

தான் பழுது பார்த்த ஒவ்வொரு வாச்சின் முதுகு மூடிக்கு உள்ளேயும் ஊசியால் ஒரு சின்னப் பிறை கீறி வைப்பது அவர் வழக்கம். பிறகு எப்போது வந்தாலும் தன் கையில் பட்டது எது, படாதது எது என்று தெரிந்துவிடும். அந்தப் பிறைதான் 1954-ஆம் வருசம் அவரை ஒரு பெரிய தப்பில் கொண்டுபோய் விட்டது.

இடலாக்குடி செய்யது அலி கொழும்பில் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தான். தேதி காட்டும், இருட்டில் ரேடியம் மினுங்கும் சுவிஸ் வாச்சு ஒன்று அவனிடம் உண்டு. ஊருக்கு வரும்போதெல்லாம் மைதீன் கனியிடம் எண்ணெய் போடக் கொடுப்பான். அந்த வருசம் மழைக் காற்று தொடங்கியபோது, கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்குத் தோணியில் வருவதாக வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான். தோணி வந்து சேரவில்லை. நடுக்கடலில் கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. அவன் தம்பி அசனார் இலங்கைக்குப் போய்க் கரையெல்லாம் தேடிவிட்டுத் திரும்பினான். கையில் அந்த வாச்சு இருந்தது.

"புத்தளத்துக்கு அங்கிட்டு ஒரு கரையில மையத்து ஒதுங்கியிருந்திருக்கு. மீன்பிடிக்கிற ஆளுக அடக்கிட்டாங்க. கையில கெடந்த வாச்சத் தந்தாங்க. தண்ணி உள்ள பூராத வாச்சுல்லா, தொறக்காம அப்படியே கொண்டாந்திருக்கேன்" என்று பெரியவர்கள் முன்னால் சொன்னான்.

பெரியவர்கள் அசனாரோடு கடைக்கு வந்தார்கள். மைதீன் கனி வாச்சைக் கவிழ்த்து மூடியைத் திருகினார். உள்ளே அவர் கீறிய பிறை. இயந்திரமும் அவர் கைப்பட்ட இயந்திரமே. மூடியைப் பூட்டித் திருப்பினார். சின்னச் சதுர சன்னலில் ஏழாம் தேதி தெரிந்தது.

"செய்யதலிக்க வாச்சுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்றைக்கே செய்யது அலியின் மனைவி ஜொஹரா பேகத்தின் வளையலைக் கழற்றினார்கள். வெள்ளைத் துணி உடுத்தி, சன்னல் அடைத்த உள்ளறையில் இத்தா இருத்தினார்கள். கணவன் இறந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வேற்று ஆண் முகம் பாராமல் அப்படி இருக்க வேண்டும். இத்தா முடிந்தால் அவளை வேறிடத்தில் கட்டிக் கொடுக்கவும் பேச்சு எழுந்தது. அவள் கேட்டது ஒன்றுதான். வாச்சு தன்னோடு அறைக்குள் இருக்க வேண்டும்.

ஐந்து நாள் கழித்து, ஜொஹராவின் தாய் ஜுபைதா பீவி முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைக்கு வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த வாச்சை மேசையில் வைத்தாள்.

"மக்கா மைதீனு, இது செத்துப்போகுதாம்."

"ஓடுதே மாமி. ஒழுங்காத்தானே ஓடுது."

"ஓட்டத்தச் சொல்லல்ல. கதவச் சாத்துனா கொஞ்ச நேரம் மினுங்குமாம். பொறவு புள்ளி ஒவ்வொண்ணா அணைஞ்சு போகுமாம். கடேசில ஒண்ணுமே இருக்காதாம். அவ பயந்து வெறச்சுப்போய் இருக்கா. மையத்துக்க வாச்சு, மையத்தப் போலக் கண்ண மூடுதுன்னு சொல்லுதா."

மைதீன் கனிக்குச் சிரிப்பு வந்தது. ரேடியம் பூசிய புள்ளி அணையாது. வெயில் பட்டாலும் படாவிட்டாலும் அது தானே எரியும். வருசம் போகப் போக மங்கும், அதுவும் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலவே மங்கும். 'துக்கத்தில் எதையோ கண்டு மிரளுகிறாள்' என்று நினைத்தபடி, பழக்கத்துக்கு மாறாக வாச்சை நேராகவே வைத்துப் பார்த்தார்.

தேதி பன்னிரண்டு. ஒன்று என்ற இலக்கம் சன்னலின் நடுவில் நின்றது. இரண்டின் வால் வலது ஓரத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். முள்ளைப் பன்னிரண்டு மணி தாண்டத் திருப்பித் திருப்பித் தேதிகளை ஓட்டினார். பதின்மூன்று, பதினான்கு, இருபத்தெட்டு. எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து நின்றன. முதல் இலக்கம் நடுவில், இரண்டாவது இலக்கம் ஓரத்தில் அறுபட்டு. ஒற்றை இலக்கத் தேதி வந்தபோது மட்டும் லேசாகத்தான் விலகியிருந்தது. கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவர் சாட்சி சொன்ன அன்றைக்கு ஏழாம் தேதி.

தேதி அச்சிட்ட வளையம் இயந்திரத்தோடு சேர்ந்தது. அது பழையதுதான். அதை மூடியிருக்கும் முகத்தகட்டில்தான் சன்னலைத் தப்பான இடத்தில் வெட்டியிருந்தார்கள். ஓரத்தைப் பார்த்தார். சுவிஸ்காரன் வெட்டிய சன்னலில் விளிம்பு சீராகச் சரிந்து வழவழவென்று இருக்கும். இதில் பிசிறு இருந்தது. மணிப் புள்ளிகளில் ஒன்று மேடு, ஒன்று பள்ளம். ஒன்றில் பூச்சு வட்டத்தை விட்டு வழிந்திருந்தது. முள்ளில் பூச்சே இல்லை, அதையும் மாற்றியிருந்தார்கள். இயந்திரத்தை உறையிலிருந்து எடுத்து, தகட்டைப் பக்கவாட்டில் பார்த்தார். தகட்டுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் இயந்திரத்தின் துளைகளில் இறங்கி நிற்க வேண்டும். அந்தக் கால்களை வெட்டிவிட்டு அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள்.

நல்ல முகத்தைக் கழற்றி மட்டமான இயந்திரத்தில் பூட்டினால் அது ஒரு வாச்சாக விலை போகும். நல்ல இயந்திரத்தின் மேல் போலி முகத்தை வைத்தால் அது இன்னொன்று. ஒரு வாச்சை இரண்டாக்குகிற இந்த வேலையை அவர் கேள்விப்பட்டிருந்தார். உடம்பு வேறு இடம், முகம் வேறு இடம். திறக்காமல் கொண்டுவந்த வாச்சுக்கு முகம் எப்படி மாறும்?

"மாமி, நான் வீட்டுக்கு வாறேன். அசனாரையும் இருக்கச் சொல்லுங்க" என்றார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து போனார். கையில் தன் வீட்டு ரேடியம் டைம்பீஸ். வெளியே நல்ல வெயில். உள்ளறை வாசலில் கனத்த திரை தொங்கியது. திரைக்கு இந்தப் புறம் பாயில் அவரும் அசனாரும் உட்கார்ந்தார்கள்.

"ஜொஹரா, நான் மைதீன் காக்கா. இது ரெண்டயும் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சுத் தாறேன். போர்வைக்குள்ள வச்சுப் பாத்துச் சொல்லணும்."

முற்றத்து வெயிலில் காட்டிய இரண்டையும் ஜுபைதா பீவி உள்ளே கொண்டுபோனாள். திரை விழுந்தது.

"எரியுதா?"

"ரெண்டும் எரியுது காக்கா." குரல் தரைக்கடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"வாச்சுல முள்ளு?"

"முள்ளு இல்ல. முள்ளு மொதல்லேருந்தே எரியல்ல."

"புள்ளி எத்தன இருக்கு?"

"எல்லாம் இருக்கு... கீழ உள்ளது மங்குது. அஞ்சு மணி போச்சு. எட்டும் போச்சு." போர்வையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. "இப்ப நாலே நாலு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே போகுது காக்கா. யாரோ ஊதி அணைக்கது மாதிரி."

மைதீன் கனி அறியாமலே திரையை விட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சத்தைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கக்குகிற சாயம் அது என்று அவருக்குத் தெரியும். பூச்சு மெலிந்த புள்ளி முதலில் அணையும், தடித்தது பிந்தி அணையும் என்பதும் தெரியும். தெரிந்தும் நகர்ந்திருந்தார்.

"இப்ப?"

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மணிப் புள்ளி." பிறகு, "இல்ல. அதுவும் இல்ல."

"டைம்பீஸ்?"

"அது அப்படியே இருக்கு. சுத்தி எல்லாம் ஒண்ணுபோல."

"செய்யதலிக்க வாச்சு ராத்திரியில எப்படி இருக்கும்?"

உடனே பதில் வந்தது. "இந்த டைம்பீஸ் மாதிரிதான். கைய என் தலமாட்டுல போட்டுத்தான் உறங்குவாக. எப்ப முழிச்சாலும் அந்த வட்டம் இருக்கும். முள்ளும் இருக்கும். ஒரு புள்ளி கூட அணைஞ்சு நான் பாத்ததில்ல. மொத நாளே எனக்குத் தெரியும் காக்கா, இது அவுக வாச்சு இல்லைன்னு. நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னாங்க. என்னட்ட யாரும் கேக்கல்ல."

மைதீன் கனி தலை குனிந்தார். "முதுகு அவனுக்குள்ளதுதான் தங்கச்சி. முகம் மாத்தியிருக்கு. அன்னைக்கு நான் முகத்தப் பாக்கல்ல." அசனார் பக்கம் திரும்பினார். "ஏலே, தொறக்காத வாச்சுக்குள்ள அரக்கு எப்படிலே வந்துது? யாருலே தந்தா?"

அசனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"மையத்த நான் காணல்ல" என்றான். "கரை கரையா அலைஞ்சேன். ஒண்ணும் ஆப்பிடல்ல. திரும்பும்போது புறக்கோட்டையில ஒரு பழைய வாச்சுக் கடைக் கண்ணாடிக்குள்ள இது கெடந்துது. வெளி உறையில அண்ணனுக்க வாச்சுல உள்ள அதே பழைய கீறல் இருந்துது. போன வாரம் ஒரு ஆளு வித்துட்டுப் போனான்னு கடைக்காரன் சொன்னான். மையத்துல இருந்து கழட்டினவன்தான் வித்திருக்கணும்னு நினைச்சேன். மைனி வாசல்லயே நின்னு நின்னு... ஒரு முடிவு கெடைக்கட்டும்னுதான் அடக்குனதாச் சொன்னேன்."

திரை அசைந்தது. உள்ளே இருந்தவள் திரைக்கு மிக அருகில் வந்துவிட்டாள். துணியில் விரல் நுனிகள் புடைத்துத் தெரிந்தன.

"போன வாரமா? தோணி கவுந்த பொறவா?"

"ஆமா மைனி."

"வித்த ஆளு எப்படி இருந்தான்னு கேட்டியா?"

"கேக்கல்ல."

"நெட்டையா, குட்டையா? இடது காலச் சாய்ச்சு நடந்தானா?"

செய்யது அலி இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பான்.

செத்தவன் ஒருவன் கொழும்புக் கடைத்தெருவில் காலைச் சாய்த்து நடந்துபோய்த் தன் வாச்சைத் தானே விற்றதுபோல மைதீன் கனிக்கு ஒரு தோற்றம் வந்து போனது. உயிரோடிருந்தால் அவன் ஏன் வரவில்லை? வந்தவன் அவன்தானா, அவன் கையிலிருந்து பறித்தவனா? இந்த வாச்சு இரண்டையும் சொல்லாது. செத்தான் என்றும் அது சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் எழுந்தார். "பெரியவங்கள்ட்ட நான் போய்ச் சொல்லுதேன். என் வார்த்தையில இருத்துன இத்தாவ என் வார்த்தையிலயே எடுக்கட்டும். நீயும் வாலே."

"காக்கா." திரைக்குப் பின்னாலிருந்து குரல். "அப்ப அந்தப் பழைய முகம்?"

"கடைக்காரன் வேற ஏதாவது வாச்சுல பூட்டியிருப்பான். யாரு கையிலயோ கெடக்கும்."

"எரிஞ்சுக்கிட்டா?"

"அது எரியத்தான் செய்யும் தங்கச்சி."

பிறகு அவள், "உம்மா, சன்னலத் தொறங்க" என்றாள்.

அடைத்த பலகை கிறீச்சிட்டுத் திறந்தது. திரையின் அடியில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. அந்த வழியாக வாச்சை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மைதீன் கனி குனிந்து எடுத்தார். வழக்கம்போலக் கவிழ்க்கப் போன கை நின்றது. இரண்டு கையையும் குவித்து இருட்டாக்கி, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார்.

அணைந்து போன புள்ளிகள் எல்லாம் திரும்ப எரிந்துகொண்டிருந்தன. முள் மட்டும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஐந்து மணி மங்கத் தொடங்கும் வரை.