கடித்துப் பார்த்த நெல்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் நெல் கொள்முதலுக்கு ஆள் எடுத்தோம். தென்காசிப் பெண் ஒருத்தி வந்தாள். வேளாண்மைப் பட்டதாரி, செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள். சென்னைக்குப் போக மாட்டேன், நெல்லோடுதான் வேலை வேண்டும் என்றாள்.

ஈரப்பதம் பார்க்கச் சொன்னேன். மீட்டர் பதினான்கு சதவீதம் காட்டியது. அவள் நாலு நெல்லைக் கடித்தாள்.

"மீட்டர் தப்பாக் காட்டுது சார். நறுக்குன்னு உடையலையே. பதினெட்டு இருக்கும்."

"இன்னாம்மா, மிஷினவிட உன் பல்லு பெருசா?" என்று எங்கள் தலைவர் சிரித்தார்.

அவள் மீட்டரைப் பார்த்தாள். அது நிலக்கடலைக்கான அமைப்பில் இருந்தது. காலையில் கடலை பார்த்துவிட்டு மாற்ற மறந்தவன் நான்தான். நெல்லுக்கு மாற்றியதும் பதினெட்டரை என்றது.

"எப்பம்மா வந்து சேர்ற?" என்றார் தலைவர்.

வியப்பு அடங்காமல் நானும் நாலு நெல்லைக் கடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.