திரும்பி வரும் தேதி

எங்கள் மேனேஜர் என்னை "ஏ அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "ஏம்புள்ள". திருப்பூரில் அந்த பனியன் ஏற்றுமதி ஆபீசில் டைப் அடித்த காலம் முழுக்க வேறெதையும் நான் கேட்டதில்லை, கேட்க விரும்பியதுமில்லை. அவர் மரியாதை கொடுத்த ஆட்கள் அங்கே நிலைத்ததாகச் சரித்திரமே கிடையாது. கட்டிங் மாஸ்டரை ஒருநாள் "வாங்க, உக்காருங்க" என்றார். அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறொருவர் நின்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஐந்தாம் மாதம். வளைகாப்பு முடியும்வரை வாயைத் திறக்காதே என்று மாமியார் சொல்லியும் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். வயிற்றைப் பார்த்து அவராகக் கேட்பதைவிட நானாகச் சொல்வது கௌரவம் என்று பட்டது. டாக்டர் குறித்த பிரசவத் தேதி, அதற்கு ஆறு வாரம் முன்பிருந்து சட்டப்படி பன்னிரண்டு வார விடுப்பு, நான் வேலைக்குத் திரும்பும் தேதி எல்லாம் எழுதி, டாக்டர் சீட்டையும் சேர்த்துப் பின் போட்டேன். என் வேலையை ஒப்படைக்கும் விவரம் தனியாக ஒரு பக்கம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பாங்குக்குப் போகும் காகிதங்கள் எல்லாவற்றையும் ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு நானே கற்றுக்கொடுப்பதாக எழுதியிருந்தேன்.

படித்து முடித்தவர் நிமிர்ந்து, "உக்காருங்க" என்றார். டீ சொன்னார். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மசக்கை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

"ரொம்ப சந்தோசமுங்க. அந்தப் புள்ளைக்கு நாளைக்கே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருங்க."

விடுப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மறுநாளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ரிசப்ஷன் பெண்ணின் மேஜை என் அறைக்கு வந்தது. பீரோ சாவி அவளிடம் போனது. பாங்கிலிருந்து போன் வந்தால் அவளைக் கேட்டார்கள். கெட்டிக்காரப் பெண், ஒரு தடவை சொன்னால் போதும். அவள் கற்றுக்கொள்ளக் கொள்ள எனக்குப் பயம் ஏறியது.

விடுப்புக்கு முந்தின நாள் என் கடிதத்துக்கான பதிலை மேனேஜர் சொல்லச் சொல்ல என்னையே டைப் அடிக்க வைத்தார். விடுப்பு இன்ன தேதியில் தொடங்குகிறது, வேலை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. அதோடு நிறுத்திவிட்டார்.

"திரும்பி வர்ற தேதிங்க?"

"அது எதுக்குங்க இப்ப? கொழந்தை நல்லபடியாப் பொறக்கட்டும்."

தேதி விட்டுப்போன காகிதத்தை பாங்க் முகத்திலடித்துத் திருப்பி அனுப்பும் என்று எனக்குச் சொல்லித்தந்ததே இந்த மனிதர்தான். தேதியைச் சேர்த்தே அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். சிரித்த முகத்தோடு அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் கோடு கிழித்தார்.

"அந்தப் புள்ளைகிட்டக் குடுங்க, அது அடிச்சுக்கும். நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க."

என் டைப்ரைட்டரில் அவள் உட்கார்ந்து அடித்தாள். தலையைத் தூக்கவேயில்லை. நான் பக்கத்தில் நின்றேன். காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினாள். எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.