நாலு டம்ளருக்கு ஆறு தட்டு

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே எட்டடிக்குப் பத்தடி கடை என்னுடையது. மில்க் ஷேக், ஸ்மூத்தி, கோல்டு காபி. மூன்று வருடம் நடத்தினேன். அது போன விதத்தை யாராவது கேட்டால் பால் விலை ஏறியதைச் சொல்வேன், பக்கத்தில் பேக்கரி வந்ததைச் சொல்வேன். இரண்டும் உண்மைதான். ஆனால் கடையைச் சாய்த்தது அவை இல்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எதைச் செய்தாலும் அது தப்பாகிவிடுமோ என்று முதலில் நினைப்பேன். ஷட்டரைப் பூட்டிவிட்டு நாலு கடை தாண்டிப் போய் மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஜாரைக் கழுவும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு ஷேக்குக்கும் பிறகு ஜாரில் பாதி தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, அரை நிமிடம் மிக்ஸியை ஓட்டி, ஊற்றி, இரண்டு தண்ணீர் அலசினால் போதும். அதோடு என் மனது கேட்காது. மதியம் ஒரு தடவை, கடை கட்டும்போது ஒரு தடவை, பிளேடைக் கழற்றி அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை எடுப்பேன். பால் கொழுப்பும் நிலக்கடலைத் தூளும் அந்த வளையத்துக்குக் கீழேதான் போய் உட்காரும். வெளியே எத்தனை தரம் கழுவினாலும் அங்கே புளித்துவிடும். மறுநாள் ஊற்றும் புதுப் பாலிலும் அந்த வாடை ஏறும். வளையத்தைப் பல் பிரஷ்ஷால் தேய்த்து முகர்ந்து பார்ப்பேன். பிறகு மனைவியிடம் நீட்டுவேன்.

"ஏத்தா, வாட அடிக்குதா பாரு."

"நாலாவது தடவ மோக்குறேங்க. இனி என் மூக்குதான் வாட அடிக்கும்" என்பாள்.

கடையில் அதிகம் ஓடியது ஷார்ஜா ஷேக். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பிறந்த சரக்கு, கம்பம் வழியாக இறங்கி இங்கே வேர் பிடித்துவிட்டது. அதில் ஐஸே கிடையாது. பால்தான் ஐஸ். அரை லிட்டர் பாக்கெட்டைக் கல்லாக உறையவைத்து, கடை முகப்பில் இருக்கும் கிரானைட் பலகையில் ஓங்கி மூன்று தட்டு தட்டினால் உள்ளே நொறுங்கும். ஜாரில் முதலில் கால் டம்ளர் பச்சைப் பால், அதன் மேல் உறையவைத்த ஏலக்கி வாழைப்பழம், சர்க்கரை, மால்ட் பவுடர், முந்திரி, நிலக்கடலை. கடைசியில்தான் நொறுங்கிய பால். இறுகினதை முதலில் போட்டால் பிளேடு சிக்கிக்கொண்டு மோட்டார் உறுமும். விட்டு விட்டு நாலு சுற்று, பிறகு ஒரே ஓட்டம். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு டம்ளர். ஸ்பூன் நட்டால் நிற்கும்.

மனைவியின் பொறுப்பு கோல்டு காபி. காலையிலேயே காபித்தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். சூடாக ஊற்றினால் ஐஸ் கரைந்து கழுநீராகிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

டம்ளர் ஐம்பது ரூபாய்க்கு விற்றோம். பொருளுக்கு முப்பத்து மூன்று போனாலும் வாடகை, கரண்ட், எங்கள் இருவர் சாப்பாடு எல்லாம் அதில் ஓடியது. பிறகு பால் ஏறியது, மால்ட் ஏறியது, முந்திரி ஏறியது. பொருள் மட்டும் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது. மனைவி சாமான் சீட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அறுவதுன்னு போர்ட மாத்துங்க. வேற வழி இல்ல."

"ஓடிருவாகத்தா."

"ஓடட்டும். ஓடுறவுக போக மிச்சம் இருக்கவுகளுக்குப் போடுவோம்."

அவளுக்கு அது எளிது. எனக்கோ அறுபது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதை நினைத்தாலே உள்ளங்கை வேர்த்தது. 'என்னாப்பா, நேத்து அம்பது இன்னக்கி அறுவதா' என்று யாரோ கேட்பது கேட்காமலே காதில் விழுந்தது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கடைக்கு நடந்து வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒரு பதிலும் நிற்கவில்லை.

அதனால் ஐஸைப் போட்டேன்.

முதலில் ஒரு கைப்பிடி. கோல்டு காபிக்கு வைத்திருந்த கட்டி ஐஸ்தான். இரண்டு டம்ளர் வந்த ஜாரில் இரண்டரை வந்தது. அடுத்த வாரம் இரண்டு கைப்பிடி, பாக்கெட்டுக்கு மூன்று டம்ளர். கூட்டமாக வந்தால் நாலு. ஐஸ் கூடக் கூட ருசி செத்துப்போகும். அதற்கு இன்னொரு கரண்டி சர்க்கரை. தண்ணீராகத் தெரியக் கூடாதென்று கூடுதலாக ஒரு நிமிடம் அடித்து நுரை ஏற்றினேன். அதிக நேரம் அடித்தால் பிளேடின் சூட்டில் ஷேக் இளகும். அதற்காக மறுபடி ஐஸ். டம்ளர் ததும்ப நிற்கும். ஐந்து நிமிடத்தில் நுரை இறங்கி இரண்டு விரற்கடை காலியாகிவிடும், அடியில் தண்ணீர் தனியாகப் பிரியும். பழக்கூடையை ஜாருக்கு முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் நான் போடுவது யார் கண்ணிலும் படாது.

மனைவி கண்ணில் பட்டது. "இது ஷார்ஜா இல்லங்க, முல்லப்பெரியாறு" என்றாள்.

வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை நம்பவைத்தது. வந்தார்கள், குடித்தார்கள், ஐம்பது ரூபாயை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அப்படியே ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கோர்ட் விடுமுறை என்று நினைத்தேன். கோர்ட் திறந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது. பக்கத்து பேக்கரியில் எழுபது ரூபாய்க்கு ஷேக் போட ஆரம்பித்தார்கள். அங்கே கூட்டம் ரோட்டில் நின்றது. எழுபது ரூபாய்! அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோர்ட் வாசலில் தார்ப்பாய் கட்டி மனு டைப் அடிக்கும் அக்கா ஒருவர். முதல் நாளிலிருந்தே என் வாடிக்கை. தினமும் நாலு மணிக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். நாலு ஷார்ஜா. அவரும் வராமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் நானே ரோட்டைத் தாண்டிப் போய் மேசை முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஒடம்புக்கு ஏதும் முடியலையாக்கா?" என்றேன்.

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்றவர், அடித்துக்கொண்டிருந்த தாளை முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நான் முப்பது வருசமா டைப் அடிக்கிறவ. எழுத்து தப்புனா கண்ணுக்கு முன்னாடி காதுக்குத் தெரிஞ்சிரும். ஒங் கடைல நாலு டம்ளருக்கு ஆறு தட்டு. ரெண்டு பாக்கெட்டு, பாக்கெட்டுக்கு மூணு. அது விழுகுறப்பவே எனக்கு நாக்குல எச்சி ஊறும். பெறகு என்னாச்சு? மூணு தட்டோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஜாருக்குள்ள கடகடன்னு கல்லு உருள்ற சத்தம். பால் ஒடஞ்சா அப்பிடி உருளுமா?"

பழக்கூடையை நகர்த்தி நகர்த்தி மறைத்ததெல்லாம் கண் முன் வந்து போனது.

"சொல்லிருக்கலாமேக்கா."

"என்னன்னு சொல்ல? நீயே பயந்த ஆளு. சொன்னா மூஞ்சி சுண்டிப் போவியேன்னு எல்லாரும் பேசாம குடிச்சாக. ஒரு மாசம் குடிச்சோம். எத்தன நாளைக்குத்தான் முடியும்?"

பக்கத்து மேசையில் முத்திரைத்தாள் விற்பவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அறுவதுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்போம்யா. இப்ப அங்கன எழுவது குடுக்குறோம்ல?"

அன்று மாலையே போர்டில் அறுபது என்று எழுதினேன். 'அ' கோணலாக வந்தது. மறுநாளிலிருந்து பழைய கணக்கு: பாக்கெட்டுக்கு இரண்டு டம்ளர், ஒரு துண்டு ஐஸ் கிடையாது. அறுபது என்று சொல்லிப் பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. வந்த ஒன்றிரண்டு பேர் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஃப்ரீசரைத் திறந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து, யாரும் கேட்காமலே, பலகையில் தட்டினேன். ஆறு தட்டு. எதிரே தார்ப்பாய்க்குக் கீழே அக்காவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. அவர் நிமிரவில்லை. மறுபடி தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"இன்னும் பலமாத் தட்டுங்க" என்றாள் மனைவி. "பேக்கரி வரைக்கும் கேக்கட்டும்." கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கிண்டல் இல்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன். ஒரு பாக்கெட் முனையில் கிழிந்து, உறைந்த பால் தூளாகிப் பலகையெல்லாம் சிதறியது. இளகின பாலை மறுபடி உறையவைத்தால் மணல் மணலாகப் போகும், விற்க ஆகாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினோம். இருவரும் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தோம். அவள் சர்க்கரை போடவில்லை. நான் கேட்கவுமில்லை.

அடுத்த மாதம் கட்டடச் சொந்தக்காரர் வந்தார். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. செல்போன் கடைக்கு ஆள் வந்திருக்காக, மாசக் கடைசிக்குள்ள பார்த்துக்கோங்க என்றார். சரி என்றேன். ஃப்ரீசரையும் மிக்ஸியையும் சின்னமனூரிலிருந்து ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஃப்ரீசருக்குள்ளே கொஞ்சமும் வாடை இல்லை என்று அவர் ஆச்சரியப்பட்டார். மிக்ஸியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "புதுசாட்டம் வச்சிருக்கீகளே" என்றார். அந்தக் கடையில் நான் செய்ததற்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இப்போது தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜூஸ் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறேன். காலையில் போனதும் முதலாளி வராத நேரமாகப் பார்த்து ஜாரின் வளையத்தைக் கழற்றிக் கழுவுகிறேன். இங்கே அதை யாரும் கழற்றியதில்லை. முதல் நாள் கழற்றியபோது கறுப்பாக இருந்தது. ஷேக்கின் அளவு முதலாளியுடையது: பாதி ஜார் ஐஸ், ஒரு டம்ளர் பால், எசன்ஸ் மூன்று சொட்டு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒரு முறைதான் வருவார்கள், அதனால் அவருக்குக் கவலை இல்லை. பாக்கெட் தட்டும் வேலையே இங்கே கிடையாது.

போன வாரம் குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். குழந்தைக்கு ஷார்ஜா வேண்டுமாம். விலையைக் கேட்டார். எண்பது என்றேன். உள்ளங்கை வேர்க்கவில்லை.

"கெட்டியா இருக்குமாண்ணே?"

"இருக்கும்மா" என்றேன்.

ஐஸை அள்ளி ஜாரில் கொட்டினேன். அது உருளும் சத்தம் கேட்டது. அந்த அம்மா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.